பழைய படத்தில் புதிய முகம்: டீநாய்ஸ் அளவை எங்கே நிறுத்துவது?

வாட்ஸ்அப்பில் பலர் கைமாறி வந்த ஒரு பழைய குடும்பப் படத்தை இன்று யார் வேண்டுமானாலும் நான்கு மடங்கு பெரிதாக்கிவிடலாம். ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகையைச் சேர்ந்த மென்பொருளில் படத்தைப் போட்டால் சில நிமிடங்களில் சேலையின் நெசவு, தலைமுடியின் இழை, சுவரின் காரை எல்லாம் துலக்கமாகத் தெரியும் பெரிய படம் கிடைக்கிறது. வீட்டில் எல்லோரும் வியந்து பார்ப்பார்கள். பின்வரிசையில் நிற்பவரைச் சுட்டி, “இது யாரு, சித்தப்பாவா?” என்று யாராவது கேட்கும்போதுதான் சிக்கல் தெரியவரும். முகம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அது சித்தப்பாவின் முகம் இல்லை.

இப்படி நேர்வதற்குப் பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்லைடர்தான் காரணம். சில மென்பொருள்களில் அதன் பெயர் `Denoising strength`. ComfyUI-யில் வெறும் `denoise`. 0 முதல் 1 வரை நகரும். அதைத் துல்லியத்தைக் கூட்டும் கருவி என்று நினைத்துத்தான் பலரும் தள்ளுகிறார்கள். 0.2ல் வைத்தால் படம் மங்கலாகவே இருக்கிறது, 0.5ல் வைத்தால் பளிச்சென்று வருகிறது, அதனால் 0.5 நல்லது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். உண்மையில் அந்த எண் துல்லியத்தின் அளவே அல்ல. படத்தில் எவ்வளவு சிறிய பொருள்கள்வரை கணினி தன் கற்பனையில் வரைந்துகொள்ளலாம் என்று நாம் கொடுக்கும் அனுமதி அது. இதைப் புரிந்துகொண்டால் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முறையே மாறிவிடும்.

டிஃப்யூஷன் மாடல் வேலை செய்யும் விதத்தை முதலில் பார்ப்போம். புள்ளி புள்ளியாக இரைச்சல் நிறைந்த படத்தைக் கொடுத்தால், அந்த இரைச்சலைப் படிப்படியாக நீக்கி, நம்பத்தகுந்த ஒரு படத்தை மீட்டெடுக்க அதற்குப் பயிற்சி தரப்பட்டிருக்கிறது. அப்ஸ்கேலர் இந்தத் திறமையை இப்படிப் பயன்படுத்துகிறது: முதலில் உங்கள் படத்தைச் சாதாரண முறையில் பெரிதாக்குகிறது; அதன்மேல் வேண்டுமென்றே இரைச்சலைத் தூவுகிறது; பிறகு மாடலிடம் கொடுத்து அந்த இரைச்சலை நீக்கச் சொல்கிறது. எவ்வளவு தூவ வேண்டும் என்பதுதான் டீநாய்ஸ் எண். 2021ல் செங்லின் மெங் முதலான ஆய்வாளர்கள் SDEdit என்ற பெயரில் வெளியிட்ட முறையின் சாரம் இதுதான். அதிலேயே இந்த இழுபறியும் சொல்லப்பட்டிருக்கிறது: இரைச்சல் கூடினால் படம் இயல்பாகத் தோன்றும், ஆனால் மூலத்திலிருந்து விலகும், குறைந்தால் மூலத்தோடு ஒட்டியிருக்கும், ஆனால் அதன் குறைகளும் அப்படியே தங்கிவிடும்.

வாசலில் போட்ட கோலத்தின்மேல் மணலைத் தூவுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் மறைவது மெல்லிய இழைகள். இன்னும் தூவினால் புள்ளிகளைச் சுற்றிய சிறு வளைவுகள் மறையும். கடைசிவரை தெரிவது கோலத்தின் மொத்த வடிவம் மட்டும். படத்திலும் இதே வரிசைதான். டிஃப்யூஷனில் தூவப்படும் இரைச்சல் சிறு விவரம், பெரு வடிவம் என்ற பாகுபாடு இல்லாமல் எல்லா அளவிலும் ஒரே வலுவில் விழுகிறது. ஆனால் ஒளிப்படங்களில் பெரிய வடிவங்களின் வலு அதிகம், நுண் விவரங்களின் வலு மிகக் குறைவு. அதனால் கொஞ்சம் இரைச்சலிலேயே கண்ணிமை மூழ்கிவிடுகிறது. கண்ணின் வடிவம் மூழ்க இன்னும் கொஞ்சம் வேண்டும். தலை எங்கே இருக்கிறது என்ற செய்தி மூழ்க நிறைய வேண்டும். மூழ்கிப்போனதை மாடல் மீட்பதில்லை. அந்த இடத்தில் என்ன இருந்தால் பொருந்தும் என்று தான் பார்த்துப் பழகிய கோடிக்கணக்கான படங்களை வைத்துப் புதிதாக வரைகிறது.

இரைச்சல் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டும் பார்க்கலாம். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் வழக்கமான இரைச்சல் அட்டவணைப்படி, 0.2ல் வைத்தால் கலவையில் உங்கள் படத்தின் பங்கு ஏறக்குறைய முக்கால், இரைச்சலின் பங்கு கால். 0.35ல் இரண்டும் சரிபாதி. 0.5ல் படத்தின் பங்கு நூற்றில் 28 ஆகச் சுருங்கிவிடுகிறது. 0.75ல் நூற்றில் 6தான் மிச்சம். ஸ்லைடர் ஒரே சீராக நகர்ந்தாலும் மூலப்படம் சீராகக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். பலரும் பயன்படுத்தும் AUTOMATIC1111 மென்பொருளின் img2img பக்கத்தைத் திறந்தால் ஸ்லைடர் 0.75ல்தான் நிற்கும். படத்தை உருமாற்றி விளையாட விரும்புபவருக்குப் பொருத்தமான எண் அது. தாத்தாவின் படத்தைப் பெரிதாக்க வந்தவர் அதைத் தொடாமல் விட்டால் தாத்தாவின் நூற்றில் ஆறு பங்கைத்தான் கணினியிடம் கொடுக்கிறார்.

இந்தக் கலவை படத்தின் பிக்சல்கள்மேல் நேரடியாக நடப்பதில்லை என்பதும் முக்கியம். ஸ்டேபிள் டிஃப்யூஷன் முதலில் படத்தைச் சுருக்குகிறது. 8 பிக்சல் அகலமும் 8 பிக்சல் உயரமும் கொண்ட ஒவ்வொரு சதுரமும் ஒரு கட்டமாகிறது. அந்தக் கட்டத்துக்கு நான்கே நான்கு எண்கள். வண்ணங்களையும் சேர்த்து 192 எண்களில் இருந்த செய்தி 4 எண்களில் அடங்க வேண்டும். இரைச்சல் விழுவதும் நீங்குவதும் இந்தக் கட்டங்களின்மேல்தான். ஆகவே ஒரு பொருள் தப்பிப் பிழைக்குமா என்று கேட்டால், அது எத்தனை கட்டங்களை நிரப்புகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு முழுவதுமாகப் போய்ப் பார்ப்போம். 800க்கு 600 பிக்சல் அளவுள்ள கல்யாணக் கூட்டுப் படம். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் 50 பிக்சல் அகலம். பின்வரிசையில் நிற்பவர்களுக்கு 24 பிக்சல். பாட்டியின் கன்னத்தில் ஒரு மச்சம். படத்தில் அது ஒரே ஒரு பிக்சல். பின்னால் மண்டபத்தின் பெயர்ப்பலகை. இதை நான்கு மடங்காக்கி 3200க்கு 2400 ஆக்க வேண்டும்.

பெரிதாக்கியபின் முன்வரிசை முகம் 200 பிக்சல், அதாவது 25 கட்டங்கள். ஒரு கண் முகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு என்பதால் அதற்கு 5 கட்டங்கள் கிடைக்கின்றன. பின்வரிசை முகம் 96 பிக்சல், 12 கட்டம்; கண்ணுக்கு இரண்டு கட்டத்துக்குச் சற்று மேல். மச்சம் நான்கு பிக்சல் அகலமாகிறது, அதாவது அரைக் கட்டம். இந்தக் கணக்கைப் போட்ட உடனேயே பாதி முடிவு தெரிந்துவிடுகிறது. ஒரே டீநாய்ஸ் எண் முன்வரிசைக்குச் சரியாகவும் பின்வரிசைக்குக் கொடுமையாகவும் இருக்கப் போகிறது. இரைச்சல் பக்கத்துக் கட்டங்களில் வெவ்வேறாக விழுவதால், ஒரு வடிவம் நிறையக் கட்டங்களில் பரவியிருந்தால் மாடல் அவற்றைச் சேர்த்துப் பார்த்து வடிவத்தைக் கண்டுபிடித்துவிடும். இரண்டே கட்டத்தில் ஒடுங்கிய கண்ணுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நான் முதலில் செய்யச் சொல்வது, எந்த இரைச்சலும் தூவாமல் படத்தைச் சுருக்கி மறுபடி விரித்துப் பார்ப்பது. ComfyUI-யில் VAE Encode, VAE Decode என்ற இரண்டு பெட்டிகளை மட்டும் இணைத்தால் போதும். மாடல் இதில் ஒன்றும் வரையவில்லை. அப்படியிருந்தும் வெளியே வரும் படத்தில் மச்சம் மங்கியிருக்கலாம், பின்வரிசை முகங்களின் கண்கள் சற்றே கோணியிருக்கலாம், பெயர்ப்பலகையின் சிறு எழுத்துகள் குழம்பியிருக்கலாம். ஸ்லைடரை எவ்வளவு குறைத்தாலும் இதற்குக் கீழே சேதம் குறையாது. இந்தப் படியில் தொலைந்த எதையும் டீநாய்ஸ் எண்ணை மாற்றித் திரும்பப் பெற முடியாது. அதற்கு வேறு வழிதான் தேட வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து 0.1, 0.2, 0.3, 0.4, 0.5 என்று ஐந்து படங்கள் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்துக்கும் சீட் எண் ஒன்றாக இருக்கட்டும். சீட் என்பது எந்த இரைச்சல் தூவப்படுகிறது என்பதைத் தீர்மானிக்கும் எண். அது மாறினால் வேறுபாடு எதனால் வந்தது என்று தெரியாமல் போய்விடும். நம் கல்யாணப் படத்தில் பொதுவாக நடப்பது இதுதான். 0.1ல் மாற்றம் தெரியாது. பழைய மங்கல் அப்படியே இருக்கும். 0.2ல் பட்டுச்சேலைக் கரையில் நெசவு தோன்றும், தோலில் லேசான இழைநயம் வரும், முன்வரிசை முகங்கள் அதே முகங்களாக இருக்கும். 0.3ல் முன்வரிசையினரின் இமைகளும் புருவ முடிகளும் தனித்தனியாகத் தெரியும்; பின்வரிசையில் ஒருவரின் மூக்கு மெலிந்திருக்கும், இன்னொருவரின் மீசை அடர்ந்திருக்கும். 0.4ல் பின்வரிசையில் எல்லோரும் யாரோ ஆகிவிடுவார்கள். முன்வரிசையில் பாட்டியின் முகச்சுருக்கம் குறைந்திருக்கும். 0.5ல் கழுத்துச் சங்கிலியின் வடிவமைப்பே வேறு, பெயர்ப்பலகையில் எழுத்து போன்ற கிறுக்கல்.

0.3ல் படம் மிக அழகாக இருக்கிறது என்பதுதான் ஆபத்து. மூலப்படத்தை நன்றாக அறிந்தவர் பார்க்காவிட்டால், எது படத்திலிருந்து வந்தது, எது மாடல் வரைந்தது என்று கண்ணால் பிரிக்க முடியாது. இதைப் பிரித்துக் காட்டும் ஒரு சோதனை இருக்கிறது. பெரும்பாலோர் செய்வதில்லை, ஆனால் எனக்கு இதைவிட நம்பகமான சோதனை தெரியாது. டீநாய்ஸை ஒரே எண்ணில் நிறுத்திவிட்டு சீட்டை மட்டும் மாற்றி நான்கைந்து படங்கள் எடுங்கள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மாற்றி மாற்றிக் காட்டிப் பாருங்கள். எது அசையாமல் நிற்கிறதோ அது பெரும்பாலும் மூலப்படம் கட்டாயப்படுத்திய விவரம். எது ஒவ்வொரு படத்திலும் வேறு வேறாகத் துள்ளுகிறதோ அது கற்பனை. சேலை நூல்கள் துள்ளினால் கவலையில்லை. நூல் எந்த இடத்தில் ஓடுகிறது என்று யாரும் கேட்கப் போவதில்லை. கண்ணின் ஓரம் துள்ளினால், உதட்டின் வளைவு துள்ளினால், அந்த எண் அந்த முகத்துக்கு அதிகம் என்று பொருள். துள்ளல் நிற்கும்வரை 0.05 அளவாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

இன்னொரு சோதனை பலருக்கும் தோன்றும்: பெரிதாக்கிய படத்தை மறுபடி 800க்கு 600 ஆகச் சுருக்கி மூலத்தோடு ஒப்பிடுவது. இதையும் செய்யலாம், செய்யவும் வேண்டும். நிறம் மாறியிருந்தால், தலை சற்று நகர்ந்திருந்தால், புதிதாக ஒரு பொருள் முளைத்திருந்தால் உடனே பிடிபடும். ஆனால் இதில் தேறிவிட்டால் போதும் என்று எண்ணக் கூடாது. 2020ல் டியூக் பல்கலைக்கழகத்தின் PULSE என்ற கருவி இதற்குச் சாட்சி. அது டிஃப்யூஷன் அல்ல, வேறு வகை மாடல். சிறு படத்தைக் கொடுத்தால், சுருக்கும்போது அதே சிறு படமாக மாறக்கூடிய ஒரு பெரிய முகத்தைத் தேடிக் கொடுக்கும். பராக் ஒபாமாவின் மிகச் சிறிய, கட்டம் கட்டமான படத்தை ஒருவர் அதில் போட்டபோது வெளியே வந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகம். சுருக்கினால் பொருந்தும்; ஆனால் ஆள் வேறு. ஒரு சிறு படத்துக்குப் பொருந்தும் பெரிய முகங்கள் எண்ணற்றவை, மாடல் தனக்குப் பழகிய முகத்தின் பக்கமே சாய்கிறது.

சீட் சோதனைக்கும் இதே குறை ஓரளவு உண்டு. எல்லாச் சீட்டிலும் ஒரே மாதிரி வருவது மாடலின் ஒருதலையான பழக்கமாகவும் இருக்கலாம். தோல் சற்று வெளுப்பது, முதியவர் சற்று இளமையாவது, ஒடுங்கிய கன்னம் நிறைவது இவை எந்தச் சீட்டிலும் ஒரே திசையில் நடக்கும் மாற்றங்கள். துள்ளல் இல்லாததால் சோதனையில் சிக்காது. நம் ஊர் முகங்களுக்கு இதைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். அதனால் இரண்டு சோதனைகளோடு அந்த மனிதரை நேரில் அறிந்த ஒருவரின் கண்ணும் வேண்டும். அவரிடம் பெரிய படத்தை மட்டும் காட்டி “நல்லா இருக்கா?” என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார். மூலத்தையும் பக்கத்தில் வைத்து, முகம் முகமாகக் கேட்க வேண்டும்.

இப்போது கல்யாணப் படத்துக்குத் திரும்புவோம். ஒரே எண் எல்லோருக்கும் பொருந்தாது என்று கண்டோம். அப்படியானால் ஒரே எண்ணைத் தேடுவதை விட்டுவிடலாம். 0.35ல் ஒரு படம், 0.15ல் ஒரு படம், மாடல் தொடாமல் சாதாரண முறையில் பெரிதாக்கியது ஒரு படம் என மூன்றையும் GIMP அல்லது ஃபோட்டோஷாப்பில் அடுக்குகளாகப் போட்டு, எந்த இடத்தில் எது தெரிய வேண்டும் என்று மாஸ்க் வரைந்துவிடலாம். தரை விரிப்பு, சுவர், பந்தல் தென்னோலை, சேலையின் உடல்பகுதி இவையெல்லாம் 0.35லிருந்து வரட்டும். முகங்களும் நகைகளும் 0.15லிருந்து. பெயர்ப்பலகையும் பாட்டியின் கன்னத்து மச்சமும் மாடல் தொடாத படத்திலிருந்து. அந்த இடம் சற்று மங்கலாகத்தான் இருக்கும். மங்கலான மச்சம் பாட்டியின் மச்சம். தமிழ் எழுத்துகளை இந்த மாடல்களில் விடவே விடாதீர்கள். மங்கிய “கொ” எந்த எழுத்தாகவும் ஆகாத ஒன்றாகத் திரும்பி வரும்.

பின்வரிசை முகங்களுக்கு இன்னொரு வழி உண்டு. முகத்தை மட்டும் வெட்டியெடுத்து 512 பிக்சல் அகலத்துக்குத் தனியாகப் பெரிதாக்கி, அதன்மேல் டீநாய்ஸ் செய்து, மறுபடி சுருக்கி இடத்தில் ஒட்டுவது. 12 கட்டம் பெற்றிருந்த முகம் இப்போது 64 கட்டம் பெறுகிறது. அதே 0.2 இப்போது முகத்தின் அமைப்பைத் தொடாமல் தோலின் மேற்பரப்பை மட்டும் தொடும். மேலே சொன்ன சுருக்கி விரிக்கும் படியில் கோணிய கண்களுக்கும் இதுதான் மருந்து. ஆனால் 24 பிக்சலில் இல்லாத செய்தி இதனாலும் வந்துவிடாது. முகம் பழைய மங்கலோடு இருக்கும், மேலே கொஞ்சம் இழைநயம் இருக்கும், அவ்வளவே.

கன்ட்ரோல்நெட் டைல் என்ற துணை மாடலைச் சேர்த்தால் டீநாய்ஸை 0.5, 0.6 என்று தாராளமாகக் கூட்டலாம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் உண்மை இருக்கிறது. மூலப்படம் தொடக்கத்தில் ஒருமுறை கலக்கப்படுவதோடு நிற்காமல், இரைச்சல் நீக்கும் ஒவ்வொரு படியிலும் மாடலுக்குக் காட்டப்படுகிறது. அதனால் பெரிய வடிவங்கள் நகராமல் இருக்கும். ஆனால் அந்தத் துணை மாடல் மங்கலான படத்துக்கு விவரம் சேர்க்கவே பயிற்சி பெற்றது. பெரு வடிவத்தைக் காக்குமே தவிர மச்சத்தையும் மூக்கின் நுனியையும் காக்கும் பொறுப்பை ஏற்காது. தோட்டம், கட்டடம், மலை போன்ற படங்களுக்கு அருமையான துணை. முகங்களுக்கு அதைச் சேர்த்தாலும் சீட் சோதனையைச் செய்தே எண்ணைத் தீர்மானியுங்கள்.

பெரிய படத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் செய்யும்போது ப்ராம்ப்ட் இன்னொரு பொறி. “அழகிய மணப்பெண்” என்று எழுதினால் ஒவ்வொரு துண்டுக்கும் அதே வாசகம் போகிறது. சுவர் மட்டும் இருக்கும் துண்டிலும் மாடல் மணப்பெண்ணைத் தேடும். டீநாய்ஸ் அதிகமாக இருந்தால் காரைக் கறையில் ஒரு முகத்தைக் கண்டுபிடித்தும்விடும். ப்ராம்ப்டைக் காலியாக விடலாம், அல்லது பழைய ஒளிப்படம் என்ற அளவில் நிறுத்தலாம். வாட்ஸ்அப் சுருக்கத்தால் படத்தில் சதுரம் சதுரமான கறை இருந்தால் அதை முன்கூட்டியே நீக்குங்கள். குறைந்த டீநாய்ஸில் மாடல் அந்தச் சதுரங்களை உண்மையான விவரம் என்று நம்பி, துணியின் கட்டமாகவோ தோலின் வெடிப்பாகவோ தீட்டிக் கொடுக்கும்.

கடைசியாக, அடுத்தவர் சொன்ன எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதைப் பற்றி. மென்பொருளில் ஷெட்யூலர் என்று ஒரு தேர்வு இருக்கும். அது இரைச்சலை எந்த வேகத்தில் ஏற்றி இறக்குவது என்ற அட்டவணை. மேலே நான் கொடுத்த கணக்கு வழக்கமான அட்டவணைக்கு உரியது. அதில் `karras` என்பதைத் தேர்ந்தெடுத்தால், 0.3 என்ற அதே எண்ணுக்குப் படத்தோடு ஒப்பிட்ட இரைச்சல் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒருவர் “0.4 வைத்தேன், முகம் மாறவே இல்லை” என்று சொல்வதும், அதே 0.4ல் உங்கள் சித்தப்பா காணாமல் போவதும் இப்படித்தான். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறீர்கள், தூவிய இரைச்சல்தான் வேறு. அவர் படத்தில் முகம் 400 பிக்சல் இருந்திருந்தால் வேறுபாடு இன்னும் பெரிது. எண்ணைக் குறித்து வைக்கும்போது ஷெட்யூலர், எத்தனை மடங்கு, சீட் இவற்றையும் சேர்த்துக் குறித்து, பெரிதாக்கிய கோப்போடு மூலக் கோப்பையும் ஒரே இடத்தில் வையுங்கள். ஐந்து வருடம் கழித்து அந்தப் படத்தைப் பார்க்கும் பேரப்பிள்ளைக்கு எது கேமரா பிடித்தது, எது மாடல் வரைந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழி இருக்காது.